பின்சந்துச் சாவி

ஜெசிந்தாவின் கேக் கடையில் ஏசி ஒழுக ஆரம்பித்தது ஈஸ்டர் முடிந்த இரண்டாம் வாரத்தில். முதல் நாள் ஒரு சொட்டு விழுந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள், துடைத்தாள், மறந்தாள். மறுநாள் சுவரோரமாக ஒரு கோடு இறங்கியது. மூன்றாம் நாள் பிளாஸ்டிக் டப்பாவை அடியில் வைத்துவிட்டு, அது டொக் டொக் என்று போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு கிலோ பட்டர் கிரீமை அடித்து முடித்தாள். அதற்கு மேல் பொறுமை இல்லை. தேவாரத்து ஏசி மெக்கானிக் அழகுமலைக்கு போன் போட்டாள்.

கூடலூரில் ஏசி போட்டு கேக் செய்கிற ஆள் அவள் ஒருத்திதான். பேக்கரி இருக்கிறது, டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் கிரீம் பன் இருக்கிறது. ஆனால் மூன்று தட்டுக் கல்யாணக் கேக், மேலே சர்க்கரைப் பூ, பக்கத்தில் சரிகை மாதிரி வேலைப்பாடு என்றால் தேனிக்குத்தான் போக வேண்டும் என்று இந்தப் பக்கத்து ஜனங்கள் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் ஜெசிந்தா கடை போட்டாள். கணவன் ஆல்பர்ட் மஸ்கட்டில். அவன் அனுப்பியதில் முதலில் வாங்கியது அடுப்பு, இரண்டாவது இந்த ஏசி. கிரீம் உருகாமல் நிற்க வேண்டுமே.

கடை இருந்த கட்டடத்தில் பக்கத்துக் கடை பேட்டரிக் கடை. அதை நடத்துகிறவர் சுரேஷ்கண்ணன். குமுளிக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் காலையில் அவர் கடை வாசலில் ஒரு தரம் நின்றுவிட்டுத்தான் மலை ஏறும். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற, டெர்மினலைச் சுரண்ட, ஓசியில் ஒரு பேச்சுப் பேச. ஜெசிந்தா கடை திறந்த அன்று அடுப்பைத் தோளில் வைத்து இறக்கியவர் அவர்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் படுத்துக்கொண்டபோது, தன் கடையிலிருந்து பேட்டரியைத் தூக்கி வந்து மாட்டி, "கேக்கு போடு தங்கச்சி, அண்ணன் இருக்கேன்ல" என்றவரும் அவர்தான். ஆல்பர்ட் போனில் பேசும்போதெல்லாம் "சுரேஷண்ணன்ட்ட கேட்டுக்க" என்று முடிப்பான். மாதம் ஒன்றாம் தேதி ஆனால் கேனும் புனலுமாக வந்து அவள் இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். காசு என்று வாயெடுத்தால் கோபம் வரும் அவருக்கு. "தங்கச்சிட்ட தண்ணிக்குக் காசு வாங்குனா நாக்கு அழுகிப்போகும்" என்பார்.

கூடப் பிறந்த அண்ணன் ஒருவன் ஜெசிந்தாவுக்கு ராயப்பன்பட்டியில் இருக்கிறான். வருஷத்துக்கு இரண்டு தரம், திருவிழாவுக்கும் துக்கத்துக்கும் பார்ப்பாள். அண்ணன் என்றால் அவள் மனசில் முதலில் வந்து நிற்பது பேட்டரிக் கடைதான்.

கட்டடத்தின் அமைப்பு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடைகளுக்குப் பின்னால், பழைய அரிசி ஆலையின் மதில் சுவருக்கும் இவர்கள் சுவருக்கும் நடுவில், ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்கு ஒரு சந்து. ஜெசிந்தாவின் ஏசியின் வெளிப்பெட்டி அங்கேதான் மாட்டியிருந்தது. தண்ணீர் போகிற பைப்பும் சுவரைத் துளைத்து அந்தப் பக்கம்தான் இறங்கியது. ஆனால் சந்துக்குப் போகிற கதவு பேட்டரிக் கடைக்குள் இருந்தது, சாவி சுரேஷ்கண்ணனிடம் இருந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அண்ணனிடம் இருக்கிற சாவிதானே.

அழகுமலை வந்தான். முப்பது வயது, சிரிக்கத் தெரியாத முகம், எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷம் கழித்துத்தான் பதில். ஏசியை மாட்டியதும் அவனே. மூடியைத் தூக்கி, வலையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தான்.

"அக்கா, இங்கன வந்து பாருங்க."

அவள் ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். குளிர்ந்த தகடுகளுக்கு அடியில் நீளமாக ஒரு தட்டு. அதில் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஏதோ வழவழவென்று கிடந்தது.

"ஐஸ் தண்ணி டம்ளருக்கு வெளிய வேர்க்கும்ல, அது மாதிரித்தேன். ரூம்புக் காத்துல இருக்க ஈரமெல்லாம் இந்தத் தகட்டுல பட்டுத் தண்ணியாகி இந்தத் தட்டுல விழுகும். தட்டுலருந்து பைப்பு வழியா வெளிய போகணும். உங்க கடையில சீனி மாவு பறக்குது, மைதா பறக்குது. அது வலையையும் தாண்டி உள்ள போயி, ஈரத்துல ஊறி, பாசி புடிச்சு, பைப்பு வாயில உக்காந்துருச்சு. போக வழியில்லேனா தண்ணி தட்டு ரொம்பி உங்க தலையிலதேன் விழுகும்."

பிறகு சந்துக்குப் போக வேண்டும் என்றான். சுரேஷ்கண்ணன் சாவியோடு தானே கூட வந்தார். ஜெசிந்தாவும் போனாள். பைப்பின் முனையில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. அழகுமலை அதைக் குச்சியால் குடைந்து எடுத்தான். உள்ளே வந்து புளோயரை வைத்து ஊதினான். சந்துப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு நீளச் சளி 'பொளக்' என்று வந்து விழுந்தது. ஜெசிந்தாவுக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

அவன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாம் முடிந்ததும் ஒரு மக் தண்ணீர் கேட்பான். அதை உள்ளே தட்டில் ஊற்றிவிட்டு, ஓடிப் போய்ப் பைப்பின் முனையில் நிற்பான். ஊற்றியது அங்கே வந்தால்தான் சாமானைப் பைக்குள் போடுவான். அன்றும் ஊற்றினான். சந்தில் தண்ணீர் சளசளவென்று கொட்டியது.

"இம்புட்டுத் தண்ணியா வரும்?" என்றார் சுரேஷ்கண்ணன்.

"இது ஊத்துன தண்ணிண்ணே. ஆனா மழைக்காத்து அடிக்குற நாள்ல, பகல் பூரா ஓடுனா, ஒரு குடத்துக்குக் கொறையாம வரும்."

"பாக்கக் கண்ணாடி மாதிரி இருக்கு."

"பாக்கத்தேன் அப்பிடி இருக்கும்ணே. தகட்டு அழுக்கு, தூசி எல்லாம் அதுல இருக்கும்."

சுரேஷ்கண்ணன் தலையை ஆட்டினார். ஜெசிந்தா அதைக் கவனிக்கக்கூட இல்லை. பிற்பாடு எத்தனையோ ராத்திரி அந்தத் தலையாட்டலை அவள் நினைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

ஏழெட்டு நாள் நன்றாக இருந்தது. பிறகு மறுபடி சொட்டு. இந்தத் தடவை அதில் ஒரு விசித்திரம். காலையில் ஒழுகாது. மத்தியானத்துக்கு மேல் ஒழுகும், சாயங்காலம் ஒரு மட்டில் தானாக நின்றுவிடும். அடங்குவதற்கு முன்னால் உள்ளே 'குடுகுடு' என்று ஒரு சத்தம் வேறு. அழகுமலைக்குச் சொன்னாள். அவன் வந்து பார்த்தான். தட்டு சுத்தம். சுரேஷ்கண்ணன் "இருப்பா, சாவியை எங்கிட்டு வச்சேன்னு தேடிட்டு வாரேன்" என்று உள்ளே போய் ஐந்து நிமிஷம் கழித்து வந்து கதவைத் திறந்துவிட்டார். பைப்பின் முனையும் சுத்தம். மக் தண்ணீர் ஊற்றினான், ஊற்றியதெல்லாம் வந்தது.

அழகுமலை கொஞ்ச நேரம் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, இந்தப் பைப்பு முனைக்கு அடியில வாளி கீளி வச்சீகளா?"

"நான் எங்க வைக்க? இங்கன நான் வர்றதே நீ வந்தாத்தேன்."

"இல்ல, சில வீட்டுல செடிக்கு ஊத்தலாம்னு கேன்ல விட்டு வச்சுருவாக. முனை தண்ணிக்கு மேல நின்னா ஒண்ணுமில்ல. கேன் ரொம்பி முனை தண்ணிக்குள்ள முங்கிருச்சுனா, பைப்புக்குள்ள இருக்க காத்து வெளிய போக வழியில்லாம மாட்டிக்கிரும். கீழயும் தண்ணி அடைச்சுக்கிருது, மேலயும் தண்ணி அடைச்சுக்கிருது. நடுவுல காத்து. அப்பறம் பைப்பு எம்புட்டு சுத்தமா இருந்தாலும் தட்டுத் தண்ணி எறங்காது, உள்ளதேன் ஒழுகும். கேனை எடுத்துட்டா அடுத்த நிமிசம் சரியாப் போகும்."

"இங்கன யாருப்பா கேன் வைக்கப் போறா?" என்று சிரித்தார் சுரேஷ்கண்ணன். "சாவி எங்கிட்டல்ல இருக்கு!"

மூன்று பேரும் சிரித்தார்கள். அதாவது இரண்டு பேர் சிரித்தார்கள். அழகுமலை சிரிக்கத் தெரியாதவன்.

அவன் போன பிறகு சுரேஷ்கண்ணன் ஜெசிந்தாவின் கடைக்கு வந்து, ஒரு கப் கேக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, தப்பா நெனைக்காத. இந்த மெக்கானிக் பயலுக எல்லாம் ஒரே ரகம். ஒண்ணைச் சரி பண்ணும்போதே அடுத்ததுக்கு ஒரு வழி வச்சுட்டுத்தேன் போவாக. இல்லாட்டி அவனுக்குப் பொழப்பு எப்பிடி ஓடும்?"

ஜெசிந்தா மேசையில் சிந்திய கேக் துகளைத் துடைத்தாள். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நல்ல மனுஷன் சொன்ன கெட்ட வார்த்தைக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல் பலம்.

இதற்கு நடுவில் அவளுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. அனுமந்தன்பட்டி இருதயம்மாள் தன் மகள் இவாஞ்சலின் கல்யாணத்துக்கு மூன்று தட்டுக் கேக் கேட்டாள். இருதயம்மாள் மாதா சபைத் தலைவி. அந்தத் தேவாலயப் பங்கில் அவள் எங்கே துணி எடுக்கிறாளோ அங்கே நாற்பது பேர் துணி எடுப்பார்கள். கேக் நன்றாக அமைந்தால் பிள்ளைகளின் புதுநன்மை விருந்து, கல்யாணம், கிறிஸ்துமஸ் எல்லாம் இனி கூடலூருக்குத்தான் வரும். "எல்லாரும் தேனியிலதேன் சொல்லச் சொன்னாக. நம்ம புள்ள செய்யட்டுமேன்னுதேன் ஒன்கிட்ட வந்தேன்" என்று இருதயம்மாள் சொன்னபோது ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலு நாள் வேலை. சர்க்கரை மாவில் ரோஸ் நிறத்தில் அறுபத்து மூன்று ரோஜா. ஒவ்வொரு இதழையும் விரல் நுனியால் மெலிசாக்கி, காய வைத்து, ஒட்டினாள். ஏசி ஒழுகும் இடத்துக்கு எதிர்ச் சுவரோரமாகத்தான் மேசையைப் போட்டாள். அவ்வளவு முட்டாள் இல்லை அவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேக் முடிந்தது. மறுநாள் காலைப் பூசையில் கல்யாணம். பெட்டி வாங்கக் கம்பம் வரை போய்விட்டு ஒன்றரை மணி நேரத்தில் வந்தாள்.

கதவைத் திறந்ததும் முகத்தில் சில்லென்று தூறல் அடித்தது.

தட்டு நிரம்பி, தண்ணீர் உள்ளே சுற்றுகிற காற்றாடியில் விழுந்து, அது குளிர்க்காற்றோடு அறை முழுக்கத் தெளித்துக்கொண்டிருந்தது. இதுவரை சொட்டத்தான் செய்தது, தெளித்ததில்லை. வெள்ளைக் கேக்கின் மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி. ரோஜாக்கள் கரைந்து, அவற்றின் நிறம் மூன்று தட்டிலும் கோடு கோடாக வழிந்து, அடியில் விரித்திருந்த சரிகைத் தாளில் தேங்கி நின்றது. ஜெசிந்தா ஏசியை நிறுத்தவில்லை. பையைக் கீழே வைக்கவில்லை. அப்படியே நின்றாள்.

இருதயம்மாள் சாயங்காலம் வந்து பார்த்தாள். திட்டியிருந்தால்கூட ஜெசிந்தா தாங்கியிருப்பாள். "சரி ஆத்தா, விடு" என்றாள். வாசல் இறங்கும்போது யாருக்கோ போனில், "தேனியில ரெடியா இருக்கறத எதையாவது எடுத்துட்டு வரச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான். நாலு நாள், அறுபத்து மூன்று ரோஜா, நாற்பது வீட்டு ஆர்டர் எல்லாம் அந்த ஒரு போனில் போய்விட்டது.

அழகுமலை ஓடி வந்தான். மறுபடி தட்டு சுத்தம். மறுபடி சாவி தேடி ஐந்து நிமிஷம். மறுபடி பைப்பு சுத்தம், ஊற்றிய தண்ணீர் மணி மணியாக வந்தது. ஆனால் இந்தத் தடவை அவன் தரையைக் காட்டினான். பைப்புக்கு நேர் கீழே சிமெண்டில் ஈரமாக ஒரு வட்டம்.

"அக்கா, இங்கன ஏதோ வச்சு எடுத்துருக்காக. இப்பத்தேன் எடுத்துருக்காக."

"அது பூனைக்குத் தண்ணி வைக்கிற சட்டிப்பா" என்றார் சுரேஷ்கண்ணன். "வெயில் காலத்துல வாயில்லா ஜீவன் தவிக்குமேன்னு."

அழகுமலை அவரைப் பார்த்தான், ஜெசிந்தாவைப் பார்த்தான். "பூனைச் சட்டி இம்புட்டு அகலமாவா இருக்கும்?"

அப்போது ஜெசிந்தாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை அவள் வாழ்நாளில் வேறு யாரிடமும் காட்டியதில்லை. என் அண்ணனைத் திருடன் என்கிறாயா என்றாள். உன் பொழப்புக்கு என் பொழப்பைக் கெடுத்தாய் என்றாள். வரும்போதெல்லாம் ஒரு கோளாறு வைத்துவிட்டுப் போகிறவன் நீ என்றாள். திருட்டுப்பயலே என்றும் சொன்னாள். சுரேஷ்கண்ணன், "விடு ஆத்தா, விடு, ஒடம்பு என்னத்துக்கு ஆகும்" என்று அவள் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

அழகுமலை சாமானை ஒவ்வொன்றாகப் பையில் போட்டான். "ஒரு நாளைக்கு ஒழுகும்போது என்னைக் கூப்புடாம, நீங்களே ஒரு மக் ஊத்திட்டுப் பின்னாடி போயிப் பாருங்கக்கா" என்றான். பதிலுக்கு நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அவள் கோபம் அதோடு நிற்கவில்லை. அந்த வாரமே பங்குச் சாமியாரிடம் போனாள். பங்கு மண்டபத்துக்கு நாலு ஏசி போட அழகுமலையைத்தான் பேசியிருந்தார்கள். ஜெசிந்தாதான் சிபாரிசு. "சாமி, அவன் வேணாம். கோளாறு வச்சுட்டுப் போறவன்" என்றாள். சாமியார் வேறு ஆளைப் பேசிவிட்டார். இருதயம்மாளிடம் சொன்னாள். காய்கறிக் கடையில் சொன்னாள். ஆல்பர்ட்டிடம் போனில் சொன்னாள். சொல்லச் சொல்ல மனசு ஆறும் என்று நினைத்தாள். ஆறவில்லை.

மே முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் மறுபடி ஒழுகியது. கூப்பிட மெக்கானிக் யாரும் இல்லை. கல்யாணக் கேக்குக்கு வாங்கிய ரோஸ் நிறக் குழம்பு அடியில் மிச்சம் இருந்த டப்பாவை அப்போது கழுவிக்கொண்டிருந்தாள். அந்த நிறத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மக் நிறைய ரோஸ் தண்ணீர் கையில் இருந்தது. மேலே சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அழகுமலை செய்வதை மூன்று தரம் பார்த்தவள்தானே. ஏசியை அணைத்தாள், மூடியைத் தூக்கினாள், மக்கை அப்படியே தகட்டோரமாகச் சாய்த்தாள். கொஞ்சம் சுவரில் வழிந்தது. மிச்சம் தட்டில் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊற்றிய தண்ணீரின் கனத்துக்கு 'குடுகுடு' என்று ஒரு தரம் இருமிவிட்டு, மெல்ல மெல்ல இறங்கியது.

பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று பேட்டரிக் கடைக்குப் போனாள். பூட்டியிருந்தது. குமுளிக்கு டெலிவரி போயிருக்கிறார் என்றார்கள். திரும்பி வந்து சுவரைத் துடைத்துவிட்டு, அந்த விஷயத்தையே மறந்துபோனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கேனும் புனலுமாகச் சுரேஷ்கண்ணன் வந்தார்.

"ஒண்ணாந்தேதி தங்கச்சி. மறந்துட்டேன்னு நெனைச்சியா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. டீ போடப் போனாள். அவர் இன்வெர்ட்டர் பேட்டரி முன்னால் குத்தவைத்து, மூடியைத் திருகிக் கழற்றி, வெள்ளைப் புனலைச் செருகினார். கேன் கறுநீலம். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. சாய்த்தார்.

டீ டம்ளரோடு ஜெசிந்தா அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

வெள்ளைப் புனலில் சுழன்று இறங்கியது ரோஸ் தண்ணீர்.

வெளிர் ரோஸ்தான். வேறு யார் கண்ணுக்கும் வெளிச்சத்தின் கோளாறு என்று தோன்றியிருக்கும். ஆனால் அந்த நிறத்தைக் கலந்தவள் அவள். எத்தனை சொட்டுக்கு எந்த அளவு சிவக்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும். அறுபத்து மூன்று ரோஜாவின் நிறம் அது. நேற்று மக்கில் இருந்து தட்டுக்குப் போனது, தட்டிலிருந்து பைப்புக்குப் போனது, இதோ அண்ணன் கையால் அவள் பேட்டரிக்குள்ளேயே இறங்குகிறது.

சுரேஷ்கண்ணனும் பார்த்துவிட்டார். கேனை நிமிர்த்தினார். "என்னமோ கேன்ல கறை போல" என்றார்.

"அண்ணே, சந்துச் சாவியைக் குடுங்க."

"எதுக்கு ஆத்தா இப்ப..."

"சாவியைக் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. அவளே பேட்டரிக் கடைக்குள் போனாள். சாவி தேட வேண்டியே இருக்கவில்லை. கதவிலேயே தொங்கியது. எப்போதும் அங்கேதான் தொங்கியிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. திறந்தாள். பைப்பின் முனையில் ஒரு அடி டியூப் புதிதாக மாட்டி, அது ஒரு கறுநீலக் கேனின் வாய்க்குள் நன்றாக ஆழமாக இறங்கியிருந்தது. காலையில் போட்ட ஏசியின் தண்ணீர் அதில் விழ ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் சிமெண்டில் ரோஸ் நிறத்தில் சில சொட்டு காய்ந்திருந்தது. மதிலோரமாக இன்னும் ஐந்து கேன். ஒவ்வொன்றிலும் 'டிஸ்டில்டு வாட்டர்' என்று, பேட்டரிக்கென்று காசுக்கு விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீரின் பேர் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. கடை வாசலில் ஜீப்புக்காரர்கள் தூக்கிப் போகிற அதே கேன்கள்தான். மழைக்காத்து அடிக்கிற நாளில் ஒரு குடத்துக்குக் குறையாமல். கண்ணாடி மாதிரி.

அவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"மொதல்ல எனக்குத் தெரியாது தங்கச்சி. சத்தியமா. சும்மா வீணாப் போற தண்ணிதானேன்னுதேன் கேனை வச்சேன். அதுனால ஒனக்கு ஒழுகும்னு நான் என்னத்தக் கண்டேன்?"

ஜெசிந்தா நம்பினாள். அது உண்மையாகத்தான் இருக்கும். அவருக்கு ஏசியைப் பற்றி என்ன தெரியும்? சும்மா போகிற தண்ணீர். அதற்காக அவள் அவரை ஒரு வார்த்தை கடிந்திருக்க மாட்டாள். அவர் கேட்டிருந்தால் அவளே கேனைப் பிடித்துக் கொடுத்திருப்பாள்.

"அழகுமலை இங்கனயே உக்காந்து சொன்னானே, முனை தண்ணிக்குள்ள முங்குனா உள்ள ஒழுகும்னு. அப்பத் தெரிஞ்சுச்சா?"

அவர் கேன்களின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"தெரிஞ்சுதேன், அவன் வர்றப்பல்லாம் சாவியைத் தேடுற மாதிரி கேனை எடுத்து ஒளிச்சு வச்சீக. எங் கேக்கு நாசமாப் போனப்பவும் எடுத்து ஒளிச்சீக. பூனைக்குத் தண்ணின்னீக. எந் தோளைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனீக."

"தங்கச்சி..."

"அப்பிடிக் கூப்புடாதீக."

குரல் உயரவில்லை. உயர்த்த அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. கிறிஸ்துமஸுக்குத் தூக்கி வந்த பேட்டரி, தோளில் சுமந்த அடுப்பு, மாதா மாதம் ஊற்றிய தண்ணீர் என்று அவள் மனசில் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிந்தது. அவற்றில் எது உண்மை, எது பொய் என்று இனி அவளால் பிரிக்க முடியாது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. அவர் கேக்கைக் கெடுத்ததை ஒரு நாள் மன்னித்துவிடலாம். அந்த நல்ல நாட்களையும் சேர்த்துக் கெடுத்துவிட்டாரே.

குனிந்து டியூபைப் பிடுங்கி எறிந்தாள். பைப்பின் முனையிலிருந்து தண்ணீர் சளசளவென்று சிமெண்டில் கொட்டியது. அவ்வளவு லேசான வேலை.

கடைக்கு வந்து அழகுமலைக்கு போன் போட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தான். நடந்ததைச் சொன்னாள். அழுதாள்.

"பேட்டரியில ஊத்துனத எறக்கிட்டு நல்ல தண்ணி ஊத்த முடியுமான்னு வேற கடையில கேளுங்கக்கா. அதுவரைக்கும் ஓட்டாதீக" என்றான். "ஏசியில ஒண்ணுமில்ல. முனை தரைக்கு நாலு வெரக்கடை மேல நிக்குற மாதிரி வெட்டி விட்டுருங்க. குளவி கட்டாம ஒரு வலைத் துண்டைக் கட்டுங்க."

"நீ ஒருக்கா வா தம்பி. நம்ம ரெண்டு பேருக்கும் மனசு..."

"நான் அங்கன வரலைக்கா."

"என்ன செய்யணும்னு சொல்லு. செய்யுறேன்."

"என்னையத் திருட்டுப்பயன்னு எத்தனை பேர்ட்டச் சொன்னீகளோ, அத்தனை பேர்ட்டயும் போயி, இல்லேன்னு சொல்லுங்க. அது போதும்."

போனை வைத்துவிட்டான்.

ஜெசிந்தா ஆர்டர் எழுதுகிற நோட்டை எடுத்தாள். மறந்துவிடக் கூடாது என்று பேர்களை வரிசையாக எழுத ஆரம்பித்தாள். பங்குச் சாமியார். இருதயம்மாள். காய்கறிக் கடை சோணையம்மாள். மஸ்கட்டில் ஆல்பர்ட். எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்தாள். முதல் ஆளை விட்டுவிட்டோம் என்று தோன்றியது. எல்லோருக்கும் முன்னால், அன்று சந்தில் கத்தியபோது, அவள் இதை யார் காதில் போட்டாள் என்று யோசித்தாள்.

பேட்டரிக் கடைப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். அந்த ஒருத்தரிடம் மட்டும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. அழகுமலை திருடன் இல்லை என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.